நான்கு நிமிடப் பேச்சும் மறுநாள் காலையும்

கோவையில் தொழில்துறைக் கூட்டங்களுக்குக் குறைவில்லை. சிறுதொழில் செய்வோர் சேர்ந்து 1969-இல் தொடங்கிய கொடிசியாவில் ஆரம்பித்து, பம்ப், வார்ப்பு, ஜவுளி இயந்திரம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஏதாவது ஒரு சங்கம் இருக்கிறது. மாலையில் ஓர் உரை நடக்கும். முடிந்ததும் தேநீரோ இரவு உணவோ இருக்கும். அந்த அரைமணி நேரத்துக்காகவே பலர் வருகிறார்கள். பெரிய நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி ஒருவர் வந்திருந்தால் அவரைச் சுற்றி ஒரு வட்டம் நிற்கும். ஆளுக்கு மூன்று, நான்கு நிமிடம் கிடைக்கும். விசிட்டிங் கார்டு கைமாறும், அடுத்தவர் வந்துவிடுவார்.

மறுநாள் அந்த அதிகாரியின் போனுக்கு வரும் செய்திகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். “நேற்று உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி” என்று ஒரு வரி, அதனுடன் கம்பெனி பிரௌஷர், கீழே ஒரு கைகூப்பும் படம். அவர் பதில் போடமாட்டார். அனுப்பியவர், பெரிய ஆட்கள் நம்மை மதிப்பதில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவார். உண்மையில் அந்தச் செய்தியில் பதில் சொல்வதற்கு எதுவுமே இல்லை. கேள்வி இல்லை, அவர் பேசிய விஷயம் இல்லை. அனுப்பியவர் யார் என்று அவருக்கு நினைவுவரவும் வழியில்லை. மகிழ்ச்சி என்று சொன்னால் மகிழ்ச்சி என்றுதான் திருப்பிச் சொல்லலாம். அதற்கு அவருக்கு நேரமில்லை.

ஒருமுறை மட்டும் பார்த்த ஒருவரிடம் பேச்சைத் தொடர்வது என்றால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். விட்ட இடம் எது என்பது அந்தக் கூட்டத்திலேயே நம் கைக்கு வந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் உட்கார்ந்து யோசித்தால் அது கிடைக்காது. எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். இதில் வருபவர்கள் கற்பனை மனிதர்கள். ஆனால் இவர்கள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் பட்டறைகளில் தினமும் நடப்பதுதான்.

கணபதியில் அப்பா நடத்திய லேத் பட்டறையை இப்போது மகள் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது முப்பதுக்குள். இரண்டு சிஎன்சி மெஷின், ஒரு மில்லிங், ஒரு சென்டர்லெஸ் கிரைண்டிங். பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் முக்கிய வேலை. ஒரு வியாழக்கிழமை மாலைக் கூட்டத்தில், நீர்மூழ்கி மோட்டார் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் மேலாளரோடு பேச வாய்ப்புக் கிடைக்கிறது. அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

அவர் முதலில் தன் பட்டறையைப் பற்றித்தான் சொல்கிறார். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள், அதில் தவறில்லை. ஆனால் அதை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, “சார், ஷாஃப்ட்ல உங்களுக்கு இப்ப எதுல அதிகமா ரிஜெக்‌ஷன் வருது?” என்று கேட்கிறார். மேலாளர் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறார். 410 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷாஃப்டில் கீவே வெட்டியபிறகு வளைந்துவிடுகிறது. அசெம்பிளியில் போட்டுப் பார்க்கும்போதுதான் ஆட்டம் தெரிகிறது. வெண்டரைக் கேட்டால், அனுப்பும்போது நேராகத்தான் இருந்தது என்கிறார்.

இந்தப் பிரச்சினை பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். குளிர்நிலையில் இழுத்து எடுத்த கம்பிக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். சுற்றிலும் அது சமமாக இருக்கிறவரை கம்பி நேராக நிற்கும். சாவிக்கட்டை உட்காருவதற்காக ஒரு பக்கம் மட்டும் பள்ளம் வெட்டினால் அந்தச் சமநிலை குலைந்து கம்பி வளையும். அதனால் கீவேயை முன்னாலேயே வெட்டி, பிரஸ்ஸில் நிமிர்த்தி, கடைசி கிரைண்டிங்கை அதற்குப் பிறகு விடுவது ஒரு வழி. அந்தப் பெண்ணுக்கு இது தெரியும். உடனே சொல்லிவிடலாம் என்றும் தோன்றும். அதற்குள் பக்கத்தில் இன்னொருவர் கார்டோடு வந்து நிற்கிறார். அவர் இப்படிச் சொல்லி முடித்துக்கொள்கிறார்: “சார், எங்ககிட்ட ஓடற ஒரு ஷாஃப்ட்ல கீவேயை முன்னாடியே வெட்டிட்டு கடைசில கிரைண்ட் பண்றோம். டயல் கேஜ் வெச்சு ஒரு போட்டோ எடுத்து நாளைக்கு உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பட்டுமா?” மேலாளர், “அனுப்பும்மா” என்கிறார்.

பேச்சைத் தொடர்வதற்கான வேலையில் பெரும்பகுதி அந்தக் கடைசி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது என்பது என் கருத்து. அவருடைய கஷ்டம் எது என்று தெரிந்துவிட்டது. எதை அனுப்பப்போகிறோம் என்று சொல்லியாயிற்று. எந்த வழியில் என்பதற்கும் சம்மதம் வாங்கியாயிற்று. மறுநாள் போகும் செய்தி அவர் எதிர்பார்த்திருக்கும் செய்தி. கார்டு கொடுத்ததாலேயே வாட்ஸ்அப்புக்கும் அனுமதி கொடுத்ததாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கார்டில் அச்சடித்திருப்பது அலுவலக எண்ணாக இருக்கலாம், அவருடைய சொந்த எண்ணாகவும் இருக்கலாம். வாயால் ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தச் சந்தேகமே இல்லை.

கூட்டம் முடிந்து வண்டியை எடுப்பதற்கு முன்பே கார்டின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்துவிட வேண்டும். “வியாழன், டீ மேசை, 410, கீவே வெட்டினால் வளைவு, போட்டோ அனுப்புவதாகச் சொன்னேன்.” இவ்வளவு போதும். அவர் பயன்படுத்திய சொல்லையே எழுதுவது நல்லது. அவர் வளைவு என்றால் வளைவு, ஆட்டம் என்றால் ஆட்டம். மறுநாள் செய்தியில் தன் சொல்லையே பார்க்கும்போதுதான் எதிரே நின்றவரின் முகமும் அவருக்கு நினைவுக்கு வரும். வழுவழுப்பான காகிதத்தில் அடித்த கார்டில் மை நிற்காது. போனில் அவர் எண்ணைச் சேமிக்கும்போது பெயரோடு சேர்த்து இந்தக் குறிப்பையும் எழுதிக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை காலை. பத்து மணிக்கு முன்னால் அனுப்பினால் நிறுவனத்தில் காலை உற்பத்திக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். பத்தரை மணிவாக்கில் இந்தச் செய்தி போகிறது:

“வணக்கம் சார். நேற்று மாலை டீ மேசைப் பக்கம் பேசினோம், கணபதி லேத் பட்டறை. 410 ஷாஃப்டில் கீவே வெட்டியபிறகு வளைவு வருகிறது என்று சொன்னீர்கள். சொன்னபடி எங்கள் ஷாஃப்ட் ஒன்றை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் பார்த்த படத்தை அனுப்பியிருக்கிறேன். கீவே வெட்டி, நிமிர்த்தி, அதன்பிறகு கிரைண்ட் செய்தது. உங்கள் ஷாஃப்டில் வளைவு கீவே பக்கமாக வருகிறதா, எதிர்ப்பக்கமாகவா? நேரம் கிடைக்கும்போது சொன்னால் போதும் சார்.”

கீழே அவர் பெயரும் பட்டறையின் பெயரும் இருக்கும். பிரௌஷர் இல்லை, ஆர்டர் கேட்கவில்லை, “ஒரு வாய்ப்புக் கொடுங்கள்” என்ற வரியும் இல்லை. எந்தப் பக்கம் வளைகிறது என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் அது வெறும் பேச்சுக்காகக் கேட்ட கேள்வி அல்ல. வளைவு எப்போதும் ஒரே பக்கம் வந்தால் கம்பிக்குள் இருக்கும் இறுக்கத்தைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பக்கம் வந்தால் மெஷினில் பிடிக்கும் விதத்தையோ, எடுத்துச்செல்லும் விதத்தையோ பார்க்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசம் அவருக்கும் புரியும். தொழில் தெரிந்த ஒருவர் கேட்கிறார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரும்போது முதலில் கண்ணில் படுவது படமும் பெயரும்தான். பூங்கொத்தும் குழந்தையும் சாமி படமும் இருந்தால் யார் என்று தெரியாது. முகத்தை வைக்க விருப்பமில்லாத பெண்கள் பட்டறையின் பெயர்ப்பலகையை வைக்கலாம். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நம் எண்ணைச் சேமித்துவைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போய்ச்சேரும். நேற்றுப் பார்த்தவர் நம் எண்ணைச் சேமித்திருக்க வாய்ப்புக் குறைவு. அவருக்கு அது வரவே வராது. அனுப்பியவர் அவர் பதில் போடவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார். கேட்காமல் ஒரு குழுவில் சேர்த்துவிடுவது இதைவிட மோசம். அதோடு அந்த உறவு முடிந்துவிடும்.

சரி, மேலாளர் என்ன செய்கிறார்? பகல் ஒரு மணிக்கு ஒரு கட்டைவிரல் அடையாளம் போடுகிறார். வேறொன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். சிலர் உற்சாகத்தில் உடனே பிரௌஷரை அனுப்பிவிடுவார்கள். சிலர் இதோடு முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். கட்டைவிரலுக்குப் பார்த்தேன், தொந்தரவில்லை, இப்போது சொல்ல நேரமில்லை என்பதற்கு மேல் எதுவும் அர்த்தமில்லை. அதற்குப் பதில் போடவும் வேண்டாம், மறுநாள் “சார், பார்த்தீங்களா?” என்று கேட்கவும் வேண்டாம். அந்தக் கேள்வி அவரைக் குற்றவாளி ஆக்கிவிடும். குற்ற உணர்ச்சி வந்தவர் பதில் போடுவதை இன்னும் தள்ளிப்போடுவார்.

இங்கே ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். எரிகா பூத்பி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2018-இல் வெளியிட்டது. முன்பின் தெரியாத இருவரை ஐந்து நிமிடம் பேசவைத்தார்கள். பிறகு தனித்தனியாக, எதிரே இருந்தவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டார்கள். தன்னை எதிராளிக்குப் பிடித்திருக்கும் என்று ஒவ்வொருவரும் போட்ட கணக்கு, உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. பேசி முடித்ததும் நாம் உளறியதும் தடுமாறியதும்தான் நமக்கு நினைவில் நிற்கின்றன. எதிரே இருந்தவர் அவற்றைக் கவனித்திருக்கக்கூட மாட்டார். பிடித்துப்போனால் ஆர்டர் கிடைத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் “நான் யார் என்று அவர் ஏன் நினைவில் வைத்திருக்கப்போகிறார்” என்ற தயக்கத்தால் முதல் செய்தியையே அனுப்பாமல் விடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதைவிடப் பழையது மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரின் ஆய்வு. பாஸ்டனை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தார். தெரிந்த ஒருவர் மூலம் வேலை கிடைத்தது என்றவர்களிடம், அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்க்கும் நெருக்கமானவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 சதவீதம், மிக அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8 சதவீதம். 1973-இல் வந்த அந்தக் கட்டுரை சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று. அவர் சொன்ன காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி வேறு வட்டத்தில் இருப்பவரிடமிருந்துதான் வரும். கணபதிப் பட்டறைகள் தங்களுக்குள் எவ்வளவு பேசிக்கொண்டாலும், அந்த மோட்டார் நிறுவனத்தில் எந்த ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகிறது என்பது உள்ளே இருப்பவர் சொன்னால்தான் தெரியும்.

கதைக்கு வருவோம். ஒரு வாரம் கழித்து, அடுத்த வியாழன் அல்லது வெள்ளி, இரண்டாவது செய்தி போகிறது. கையில் புதிதாக ஒன்று இருந்தால்தான் இரண்டாவது செய்திக்கு இடமுண்டு. நம் பெண் அந்த வாரத்தில் 410 கம்பித் துண்டு இரண்டை வாங்குகிறார். ஒன்றில் கிரைண்டிங் முடித்து கீவே வெட்டுகிறார், மற்றொன்றில் கீவே வெட்டி நிமிர்த்தியபிறகு கிரைண்ட் செய்கிறார். இரண்டையும் ஒரே டயல் கேஜில் பார்த்து, முள் எவ்வளவு ஆடுகிறது என்று படம் எடுக்கிறார். “சார், போன வாரம் பேசிய கீவே வளைவு விஷயம். இரண்டு விதமாகவும் செய்து பார்த்தோம், ரீடிங் இதோ. துண்டுகள் இரண்டும் இங்கேயே இருக்கின்றன, வேண்டுமானால் கொடுத்தனுப்புகிறேன்.” அவ்வளவுதான். செலவு இரண்டு துண்டுக் கம்பியும் அரைநாள் மெஷின் நேரமும். ஆர்டர் வராவிட்டாலும் அந்த ரீடிங் பட்டறைக்குப் பயன்படும்.

இதற்குப் பதில் வருகிறது. “எந்த டயா வரைக்கும் பண்ணுவீங்க? லெங்த்?”

பேச்சு தொடர்ந்துவிட்டது. இப்போது வேகம் வேண்டும். முதல் செய்திக்கு ஒருநாள் எடுத்துக்கொண்டது சரிதான், இந்தக் கேள்விக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும். அவர் கையில் போன் இருக்கும் நேரம் இது. பதிலில் முடிந்ததோடு முடியாததையும் சொல்லிவிட வேண்டும். “20 முதல் 50 மில்லிமீட்டர் வரை, நீளம் 600 வரை எங்களிடமே செய்வோம் சார். ஹார்டனிங் மட்டும் வெளியே கொடுக்கிறோம்.” எல்லாம் செய்வோம் என்று சொல்லும் வெண்டரைக் கொள்முதல்காரர்கள் நம்பமாட்டார்கள். எது நம்மிடம் இல்லை என்று நாமே சொன்னால், மற்றவற்றை அவர் சந்தேகப்படத் தேவையில்லாமல் போகிறது.

அடுத்து அவர் ஒரு பெயரையும் எண்ணையும் அனுப்பி, “இவர்கிட்ட பேசுங்க, டெவலப்மென்ட் பாக்கறார்” என்கிறார். நம்மைக் கீழே தள்ளிவிட்டார் என்று பலர் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். டிராயிங் கொடுப்பதும், சாம்பிள் வாங்கிப் பார்ப்பதும், தரப் பிரிவிடம் அனுப்புவதும் அந்த இளைய பொறியாளரின் வேலைதான். அவரிடம் பேசும்போது முதல் வரியிலேயே யார் சொல்லி வந்தோம் என்பதையும், கீவே வளைவு பற்றி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேசி முடித்ததும் மேலாளருக்கு ஒரு வரி: “பேசினேன் சார், டிராயிங் அனுப்புவதாகச் சொன்னார், நன்றி.” இந்த ஒரு வரியை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். தான் கைகாட்டிவிட்டது என்ன ஆனது என்று தெரியாதவர் அடுத்தமுறை கைகாட்ட யோசிப்பார்.

இதற்குப் பிறகும் ஆர்டர் அடுத்த மாதமே வந்துவிடாது. வெண்டர் பதிவுப் படிவம், ஜிஎஸ்டி, உத்யம் சான்று, பட்டறையை நேரில் வந்து பார்ப்பது, சாம்பிள், சிறிய அளவில் ஒரு லாட் என்று மாதக்கணக்கில் போகும். நான்கு நிமிடப் பேச்சிலிருந்து எதிர்பார்க்க வேண்டியது ஆர்டர் அல்ல, இரண்டாவது பேச்சு. அதை எதிர்பார்த்து எழுதினால் செய்தியில் அவசரம் தெரியாது. கடனும் செலவும் நெருக்கும்போது முதல் செய்தியிலேயே ஆர்டரைக் கேட்டுவிடத் தோன்றும். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒருமுறை பார்த்தவரிடம் அது எடுபடாது.

இரண்டாவது செய்திக்கும் பதில் வராவிட்டால்? மூன்று வாரமோ ஒரு மாதமோ விட்டு மூன்றாவதாக ஒன்று அனுப்பலாம், அதிலும் சொல்வதற்கு ஏதாவது இருந்தால் மட்டும். “இந்தப் பகுதிக்கு அடுத்த வாரம் வருகிறேன், துண்டுகளை வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போகட்டுமா?” என்பது போல. அதற்கும் மௌனம் என்றால் நிறுத்திவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது. அவர்கள் வேறு வெண்டரை முடிவுசெய்திருக்கலாம், அவர் துறை மாறியிருக்கலாம், உண்மையிலேயே விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். வெளியிலிருந்து இவற்றைப் பிரித்தறிய வழியில்லை. மூன்று முறைக்குமேல் போனால் நாளைக்கு நேரில் பார்க்கும்போது முகம் கொடுத்துப் பேசுவது இருவருக்கும் சங்கடமாகிவிடும். காலை வணக்கப் படமும் பண்டிகை வாழ்த்தும் அனுப்பி உறவைக் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பேசிய விஷயத்தோடு தொடர்பில்லாத செய்தி பழக்கத்தை வளர்ப்பதில்லை.

பெண்கள் தனியாகச் சொல்லும் சிரமம் ஒன்று உண்டு. ஷாஃப்ட் பற்றித் தொடங்கிய பேச்சு, இரவு பத்து மணிக்கு “தூங்கலையா?” என்று வேறு திசைக்குப் போய்விடும். அதற்கு அன்று இரவே பதில் போடத் தேவையில்லை. மறுநாள் அலுவலக நேரத்தில் மின்னஞ்சலுக்கு மாறி, பொருள் வரியில் வேலையின் பெயரைப் போட்டு, பட்டறையில் மூத்தவர் ஒருவரின் முகவரியையும் நகலில் சேர்த்து எழுதலாம். வேலை மட்டும் வேண்டியவர் அதே மின்னஞ்சலில் பதில் தருவார். தராதவரிடம் வேலையும் இல்லை, விட்டுவிடலாம். இதில் இழந்துவிட்டோம் என்று கலங்க வேண்டாம். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டத்தில் பார்த்த பெண்ணுக்கு எழுதும்போது அலுவலக நேரத்தில், பேசிய விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

கல்லூரி முடித்து வேலை தேடுகிறவர்கள் இதே முறையைப் பின்பற்றலாம். அவர்கள் கையில் ஷாஃப்ட் இருக்காது, ஆனால் கேட்டுக்கொண்டதைச் செய்து பார்த்திருக்கலாம். “ஒரு கோர்ஸ் பெயர் சொன்னீர்கள் சார், முதல் இரண்டு பகுதி முடித்தேன், இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை” என்று எழுதும் இளைஞருக்குப் பதில் வரும் வாய்ப்பு, ரெஸ்யூமேயை அனுப்பி “ஏதாவது வேகன்சி இருந்தால் சொல்லுங்கள்” என்பவரைவிட அதிகம். லிங்க்டின் வழியாகப் போனால் அழைப்போடு சேர்க்கும் குறிப்புக்கு எழுத்து வரம்பு உண்டு. வணக்கத்துக்கு அதைச் செலவழிக்காமல், எங்கே பார்த்தோம், எதைப் பற்றிப் பேசினோம் என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும்.

போன வாரம் வாங்கிய கார்டு ஒன்று உங்கள் பையில் இருந்தால், நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பத்து நாள் ஆகியிருந்தாலும் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு நீட்டாமல், அவர் சொன்ன விஷயத்திலிருந்து நேராகத் தொடங்கி நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அவர் என்ன சொன்னார் என்பதே நினைவில்லை என்றால் அந்தக் கார்டை விட்டுவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் பேனாவோடு போங்கள்.